மாங்கன்று நர்சரிக்கு எதற்கு வெப்சைட்: சந்தூரில் ஒரு பிற்பகல் பேச்சு

சிறு தொழில்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது கிருஷ்ணகிரியில் என் பிழைப்பு. இதில் கணினியில் செய்யும் வேலையைவிடச் சிரமமானது, தாத்தா காலத்திலிருந்து ஒழுங்காக நடந்துவரும் ஒரு வியாபாரத்தின் முதலாளியிடம் உட்கார்ந்து பேசுவதுதான். "நல்லாத்தானே ஓடுது, இது எதுக்கு?" என்று அவர் கேட்பார். நன்றாக ஓடுகிறது என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும் என்பதால், "உலகமே மாறிவிட்டது" என்பது போன்ற பொதுப்பேச்சு அங்கே எடுபடாது. அவருடைய கடைக்குள்ளேயே, அவர் கண்ணெதிரே நடப்பதைக் காட்டித்தான் பேச வேண்டும்.

போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரில் மா ஒட்டுக்கன்று நர்சரி வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியதை இங்கே எழுதுகிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன்தான் என்னை அழைத்திருந்தார். நான் போன நேரத்தில் பெரியவர் நிழல்வலைக்குக் கீழே பலகையில் உட்கார்ந்து, விதைக்கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, ஆப்பு போலச் செதுக்கிய ஒட்டுக்குச்சியைச் செருகிப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே, "தம்பி, எங்கப்பா காலத்துல எந்த வெப்சைட்டைப் பாத்துட்டு வந்து கன்னு வாங்குனாங்க?" என்றார்.

நான் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே அவருடைய செல்போன் ஒலித்தது. ஆந்திராவின் அனந்தபுரம் பக்கத்து விவசாயி ஒருவர். பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தெலுங்கில் பேசினார். பெங்களூரா ரகம் இருக்கிறதா, செந்தூரா ரகம் இருக்கிறதா, ஒட்டுப்போட்டு எத்தனை மாதம் ஆன கன்று, எவ்வளவு உயரம், ஏக்கருக்கு எத்தனை பிடிக்கும், லாரிக்கு வாடகை என்ன ஆகும் என்று அந்தப் பக்கம் கேள்வி தொடர்ந்துகொண்டே இருந்தது. முப்பதடிக்கு முப்பதடி என்றால் ஏக்கருக்கு 48 கன்று, நெருக்கி நடுவதாகப் பதினைந்தடிக்குப் பதினைந்தடி வைத்தால் 190-க்குச் சற்று மேல் என்று பெரியவர் மனக்கணக்காகவே சொன்னார். பேசி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து, "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. இதே கேள்விகள் ஒரு நாளில் எத்தனை பேரிடமிருந்து வரும் என்று கேட்டேன். "மழை பிடிச்சுட்டா போன் சூடாயிரும்" என்றார் மகன்.

முதல் உதாரணம் இப்படி அவர் கையிலேயே கிடைத்தது. அந்த விவசாயிக்கு இப்போது அவர் சொன்ன பதிலைத்தான் ஒரு பக்கத்தில் எழுதிவைக்கப் போகிறோம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொன்னேன். எந்தெந்த ரகம், கன்றின் வயது, உயரம், இடைவெளிக்கேற்ற எண்ணிக்கை, நடும்போது ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்பது, ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும் என்பது ஆகியவை அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு ஆர்வம் வந்தது. கிள்ளாமல் விட்டு நாட்டு மாவாக வளர்த்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வந்து "ரகம் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சண்டைக்கு நின்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். வாங்குகிற அன்றே வாயால் சொல்லித்தான் அனுப்புகிறார். ஊர் போய்ச் சேர்வதற்குள் கேட்டவர் மறந்துவிடுகிறார்.

"இதெல்லாம் வாட்ஸ்அப்புல அனுப்புறோமே" என்றார் மகன். அவர் அனுப்பிக்கொண்டிருந்தது எல்லா விவரத்தையும் ஒரே படத்தில் அடைத்த வண்ண நோட்டீஸ். ஏற்கெனவே எண்ணைத் தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். "செந்தூரா ஒட்டுக்கன்று எங்கே கிடைக்கும்" என்று ஒருவர் கூகுளில் தேடும்போது அந்தப் படம் வாட்ஸ்அப்புக்குள்ளேயே கிடக்கும். எழுத்தாகவே ஒரு பக்கத்தில் இருந்தால்தான் தேடுபவருக்கு அகப்பட வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். புதிய தளம் ஒன்றைக் கூகுள் கண்டெடுத்துக் காட்டத் தொடங்கச் சில வாரங்களாவது ஆகும், முதல் பக்கத்தில் வரும் என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னேன்.

விலையைப் போடச் சம்மதிக்கவில்லை. பக்கத்து நர்சரிக்காரர் பார்த்து இரண்டு ரூபாய் குறைப்பார் என்பது அவருடைய கவலை. நானும் வற்புறுத்தவில்லை. விலை பருவத்துக்குப் பருவம் மாறுகிற தொழிலில், போன வருட விலை தளத்தில் அப்படியே நின்று, லாரியோடு வந்தவரிடம் வாக்குவாதம் ஆவதைவிட, "இந்த வார விலைக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்று ஒரு பொத்தான் வைப்பதே மேல். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியோ, பூஜ்யமோ, நடுவில் கோடோ வரக்கூடாது. வந்தால் அரட்டை சரியாகத் திறக்காது. இது சின்ன விஷயம்தான். ஆனால் நான் பழுது பார்க்கப் போன தளங்களில் இந்தப் பொத்தான் வேலை செய்யாமல் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். முதலாளி தன் தளத்தைத் தானே தொட்டுப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது உதாரணத்துக்கு அவரையே நர்சரியின் பெயரைத் தன் செல்போனில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். முதலில் வந்தது எங்கோ இருக்கும் ஒரு விலாசத் தொகுப்புத் தளம். அதில் கொடுத்திருந்தது, காலமாகிவிட்ட அவருடைய அண்ணனின் எண். கூகுள் வரைபடத்தில் யாரோ வைத்த ஒரு குறி, சாலையை விட்டு விலகி யாருடைய வயலிலோ நின்றது. அதே சாமி பெயரில் அதே சாலையில் இன்னொரு நர்சரி, போட்டோக்களோடு பளிச்சென்று இருந்தது. பெரியவர் செல்போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வண்டி அந்த இன்னொரு நர்சரிக்குப் போய்விட்டதும், பாதிக் கன்றை அங்கேயே ஏற்றிக்கொண்டதும் அப்போதுதான் பேச்சில் வெளிவந்தது. டிரைவர் விசாரிக்காமல் போனது தப்பு என்று அதுவரை நினைத்திருந்தார்.

"பேர் போட்ட போர்டு ரோட்டுல நிக்குது, கண்ணு தெரியாதா?" என்றார். போர்டு, சாலைக்கு வந்துவிட்டவருக்கு வழி சொல்கிறது. சந்தூருக்குக் கிளம்பலாமா, முன்பணம் போடலாமா என்று அனந்தபுரத்தில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு அது தெரிவதில்லை என்றேன். முகம் பார்க்காத ஒருவருக்குப் பல ஆயிரம் ரூபாயை அனுப்பும் முன் யாரும் ஒரு தடவை பெயரைத் தட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். அப்போது வருவது இறந்தவரின் எண் என்றால் அவர் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். போனவர் வந்து சொல்லிவிட்டும் போவதில்லை என்பதால் இந்த நட்டம் எந்த நோட்டுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

வரைபடக் குறியை உரிமை கோரித் திருத்துவதற்குக் கூகுள் காசு வாங்குவதில்லை. கடையையும் போர்டையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். அதை மகனே செய்துவிடலாம். இதைச் சொன்னதும் பெரியவர் சரியான இடத்தில் பிடித்தார்: "அப்ப அது போதுமே, உனக்கு எதுக்கு நான் காசு குடுக்கணும்?" நியாயமான கேள்வி. சலூனுக்கும் டிபன் கடைக்கும் அது போதும் என்றே நான் சொல்லி அனுப்புகிறேன். வாங்குபவர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, ரகத்தையும் வயதையும் தாய்மரத்தையும் விசாரித்து, ஒரே தடவையில் ஆயிரம் கன்று எடுக்கிற தொழிலுக்கு கூகுள் வரைபடம் காட்டும் அந்தச் சின்னக் கட்டம் பற்றாது.

அதைவிட முக்கியமான காரணம், அது யாருடைய இடம் என்பது. மூன்றாவது உதாரணமாக நான் எடுத்தது பட்டா. குத்தகை நிலத்தில் தென்னை வைப்பீர்களா என்று கேட்டேன், சிரித்தார். கூகுள் சில ஆண்டுகளுக்கு முன், கடைக் குறியோடு சேர்த்து business.site என்ற முடிவோடு இலவசத் தளமும் கொடுத்தது. பல கடைக்காரர்கள் அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்துக்கொண்டார்கள். 2024 மார்ச் மாதம் கூகுள் அதை நிறுத்தியது. கொஞ்ச நாள் அந்த முகவரி கடைக் குறிக்குத் திருப்பி விடப்பட்டது, ஜூன் மாதத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. இடம் அவர்களுடையது, நிறுத்தினார்கள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சொந்தப் பெயரில் டொமைன் என்கிற இணைய முகவரி ஒன்றை வாங்கினால், .in முடிவுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும்; தளத்தை எந்த நிறுவனத்தின் கணினியில் வைத்தாலும், நாளைக்கு என்னை மாற்றிவிட்டு வேறு ஆளைப் பிடித்தாலும், முகவரி அவருடையதாகவே இருக்கும்.

பட்டா என்றதும் அவர் பேச்சு வேறு மாதிரி ஆனது. "யார் பேருக்குப் பதியுது?" என்றார். இந்தக் கேள்வியைத்தான் எல்லா முதலாளியும் கேட்க வேண்டும், அநேகமாக யாரும் கேட்பதில்லை. தளம் அமைப்பவர் தன் மின்னஞ்சலிலேயே டொமைனை வாங்கிவிடுகிறார். பிறகு அவர் ஊரை விட்டுப் போனாலோ மனஸ்தாபம் வந்தாலோ, கடைக்காரர் தன் கடைப் பெயரையே இழக்கிறார். கண்டுபிடிக்கும் வழி எளிது. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்கில் நுழையும்போது ஓடிபி யாருடைய செல்போனுக்கு வருகிறது என்று பார்த்தால் போதும். அது உங்கள் வீட்டில் ஒலிக்காவிட்டால், பில் உங்கள் பெயரில் இருந்தும் பயனில்லை.

உதாரணம் ஓர் இடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட்டேன். பட்டா தலைமுறைக்கும் நிற்கும். டொமைனை அப்படி வாங்க முடியாது. ஒரே தடவையில் அதிகபட்சம் பத்தாண்டுகளுக்குப் பணம் கட்டி வைக்கலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். தவறினால் சிறிது காலம் அவகாசம் இருக்கும், அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டு விலை கூடியதும் "ஏமாற்றுகிறார்கள்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. புதுப்பிக்கும் விலையை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

உடனே சம்மதித்துவிடவில்லை. மகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னார்: டொமைன் அவர் பெயரில், ஓடிபி மருமகளுடைய எண்ணுக்கு வர வேண்டும், ஏனென்றால் மகன் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பான், தமிழோடு தெலுங்கும் இருக்க வேண்டும், தன் படம் கூடாது, தாய்மரங்களின் படம் போதும். செல்போனில் எடுத்த அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருந்தன. தோட்டத்தில் நின்று பார்ப்பவருக்குச் சிக்னல் பாதிதான் கிடைக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் 200 கேபிக்குக் கீழே சுருக்கித்தான் ஏற்றினேன்.

தளத்தால் வியாபாரம் கூடியதா என்று இப்போதும் அவரால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அந்த வருடம் மழையும் நன்றாக இருந்தது. புதிதாக அழைப்பவரிடம் "எங்கே பார்த்தீர்கள்" என்று கேட்டு மருமகள் நோட்டில் குறித்துவருகிறார், அதில் பாதிப் பேர் இன்னமும் "சொந்தக்காரர் சொன்னார்" என்கிறார்கள். அந்தச் சொந்தக்காரர் எண்ணோடு தளத்தின் முகவரியையும் அனுப்பியிருப்பார் என்பது மருமகளின் கணிப்பு. பேச்சு மட்டும் மாறியிருக்கிறது: ஏக்கருக்கு எத்தனை என்று கேட்பவர்கள் குறைந்து, "செந்தூரா ஐந்நூறு வேண்டும், வண்டியை எந்தக் கிழமை அனுப்பட்டும்" என்று தொடங்குகிறவர்கள் வருகிறார்கள். விலையை மட்டும் இன்றுவரை போடவிடவில்லை.