“எத்தனை டிவைஸ் வேணும்னாலும் போட்டுக்கலாம் மேடம்”: 84 பேர் விடுதிக்கு பிசினஸ் பிளான் கேட்டு மெயில் அனுப்பிய அனுபவம்

கோவை பீளமேட்டில் பெண்கள் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். 28 அறைகள், அறைக்கு மூன்று பேர், மொத்தம் 84 பேர். பாதிப் பேர் கல்லூரி மாணவிகள், மீதி வேலைக்குப் போகிறவர்கள். போன மாதம்தான் புது பிசினஸ் இன்டர்நெட் இணைப்பு வந்தது. அதற்கு முந்தைய ஐந்து மாதங்கள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

கட்டட உரிமையாளர் பேரில் 300 எம்பிபிஎஸ் வீட்டு பிளான் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ‘அன்லிமிடெட்’ என்றுதான் கொடுத்தார்கள். மாதத் தொடக்கத்தில் நன்றாக இருக்கும், கடைசியில் படுத்துவிடும். ரௌட்டரை மாற்றினோம், அப்போதும் அப்படியேதான். புகார் கொடுத்தால் டெக்னீஷியன் வருவதற்குள் அடுத்த மாதம் 2, 3 தேதி ஆகிவிடும். அவர் சோதித்துப் பார்த்தால் 290 காட்டும். “லைன் கிளியரா இருக்கு மேடம்” என்று புகாரை மூடிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு மாதம் 22ஆம் தேதி, கடைசி வருடம் படிக்கும் பெண் ஒருத்திக்கு வீடியோவில் நேர்காணல். பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை அறுந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் திரும்ப அழைக்கவில்லை. ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை மட்டும் என் மேசையில் வைத்தாள். அன்றைக்குத்தான் இதை முடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

புகார் நோட்டைப் புரட்டினேன். மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்ததெல்லாம் 20ஆம் தேதிக்குப் பிறகுதான், ஒவ்வொரு மாதமும். கம்பெனியின் கணக்குப் பக்கத்தில் நுழைந்து பார்த்தால், கீழே சின்ன எழுத்தில் மாத வரம்பு 3,300 ஜிபி, அதைத் தாண்டினால் 4 எம்பிபிஎஸ் என்று இருந்தது. எங்கள் செலவு தினமும் 168 ஜிபியை ஒட்டி, ஆளுக்கு 2 ஜிபி கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 3,300ஐ 168ஆல் வகுத்தால் 19.6. இருபதாம் நாள் தீர்ந்துவிடுகிறது. மீதிப் பத்து நாட்கள் 84 பேரும் 4 எம்பிபிஎஸ்ஸைப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஐந்து மாதமாக இது எனக்குத் தெரியவில்லை, வந்த டெக்னீஷியன் ஒருவரும் சொல்லவும் இல்லை.

சரி, பிசினஸ் பிளானுக்கு மாறலாம் என்று அதே கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டேன். ‘எங்கள் விடுதியில் 84 பேர். உங்கள் 200 எம்பிபிஎஸ் பிசினஸ் பிளானில் எத்தனை கருவிகள் இணைக்கலாம்?’ அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து, வரம்பின்றி இணைக்கலாம் என்று ஒரு வரியில் பதில். கூடவே சேல்ஸ் பையன் போன் செய்தார். “எத்தனை டிவைஸ் வேணும்னாலும் போட்டுக்கலாம் மேடம். ஃபார்ம் எடுத்துட்டு வரட்டுமா?”

முன்பும் இதே ‘வரம்பின்றி’யைத்தானே நம்பினோம் என்று சந்தேகப்பட்டு, அரை நாள் விடுப்பு போட்டு அவர்கள் ஆபீசுக்கே போனேன். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், “இதெல்லாம் இங்க சொல்ல முடியாது, மெயில் போடுங்க” என்றார். மெயில் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றதற்கு, “திரும்பப் போடுங்க” என்றார். அந்தப் பயணம் வீண்.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் ஒரு பெண் இரண்டாவது மாடியில் தங்கியிருக்கிறாள். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். “நீங்க கேட்ட கேள்வியே அவங்களுக்கு வசதியா இருக்குக்கா. லைனுக்கு டிவைஸ் கணக்கு கிடையாது, அதனால அன்லிமிடெட்னு சொல்லிடுவாங்க. கணக்கு உள்ள இடம் வேற.”

அவள் ஆபீஸ் அறைக்கு வந்து ரௌட்டர் பக்கத்தைத் திறந்து காட்டினாள். வை-ஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரௌட்டர் ஒரு முகவரி கொடுக்கிறது. எங்கள் ரௌட்டரில் DHCP என்ற இடத்தில் `192.168.1.100` முதல் `192.168.1.199` வரை இருந்தது. நூறே முகவரிகள், ஒருமுறை கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு அந்தக் கருவிக்கே. எங்களிடம் போன் 84, லேப்டாப் 60, டேப்லெட், கேமரா ரெக்கார்டர் எல்லாம் சேர்த்து சுமார் 150 கருவிகள். சில பெண்களின் போனில் மாதம் முதல் தேதியில்கூட `Obtaining IP address` என்று சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு நன்றாக வரும். காரணம் இதுதான். எல்லோருக்கும் மெதுவாக இருந்தால் லைனையோ டேட்டா வரம்பையோ பாருங்கள். சிலருக்கு மட்டும் இணைப்பே கிடைக்காமல் மற்றவர்களுக்குக் கிடைத்தால், முகவரி தீர்ந்ததா என்று முதலில் பாருங்கள். அன்றே `192.168.1.2` முதல் `192.168.1.254` வரை விரித்து, 24 மணி நேரம் என்றிருந்ததையும் 4 மணி நேரமாகக் குறைத்தோம். 253 முகவரிகள் கிடைத்தன. அந்தத் தொல்லை அன்றோடு போயிற்று, காசு செலவில்லாமல்.

அப்புறம் இருவரும் சேர்ந்து இரண்டாவது மெயிலை எழுதினோம். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன், யாருக்காவது உதவும்.

‘எங்கள் விடுதியில் 84 பேர், சுமார் 150 கருவிகள். இரவு 9.30 முதல் 11.30 வரை 45 பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள் அல்லது அழைப்பில் இருக்கிறார்கள். ஆளுக்கு 3 எம்பிபிஎஸ் என்றால் 135 எம்பிபிஎஸ் தேவை. மாதச் செலவு சுமார் 5,200 ஜிபி. கீழுள்ள நான்குக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

1. இந்த பிளானில் மாத டேட்டா வரம்பு எத்தனை ஜிபி? தாண்டினால் வேகம் எவ்வளவு?
2. 200 எம்பிபிஎஸ் எங்களுக்கு மட்டுமா, மற்றவர்களோடு பகிர்வதா? பகிர்வது என்றால் மேற்படி இரவு நேரத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு தருவீர்கள்?
3. நீங்கள் தரும் ரௌட்டரின் வை-ஃபையில் ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் தாங்கும்? எங்கள் சொந்த ரௌட்டரைப் போட்டுக்கொள்ள பிரிட்ஜ் மோட் செய்து தருவீர்களா?
4. தங்கியிருப்பவர்களுக்கு இணைப்பைப் பகிர்வது உங்கள் ஒப்பந்தத்தில் அனுமதிக்கப்பட்டதா?’

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு பிளான் ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கு மட்டும் என்று இருந்தது. அதை வைத்தே அவர்கள் எப்போது வேண்டுமானாலும் துண்டித்திருக்கலாம்.

முதல் பதிலாக ஒரு விளம்பரத் தாள் வந்தது. ‘1, 2, 3, 4க்குப் பதில் இல்லை’ என்று அதே மெயிலின் கீழேயே திருப்பி எழுதினேன். ஒரு வாரம் கழித்து அவர்களின் இன்ஜினீயர் ஒருவர் போனில் அழைத்து இருபது நிமிடம் பொறுமையாகப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சார், இதை அப்படியே மெயிலில் போட்டுவிடுங்கள்” என்றேன். கொஞ்சம் தயங்கினார். இரண்டு நாளில் போட்டுவிட்டார். இந்த விஷயத்தில் எனக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பதிலைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. சேல்ஸ் பையன் ஃபார்ம் நீட்டிய அந்த 200 எம்பிபிஎஸ் பிளானில் மாத வரம்பு 4,000 ஜிபி. எங்கள் கணக்குக்கு 24ஆம் நாள் தீர்ந்துவிடும். கையெழுத்துப் போட்டிருந்தால் அதிகப் பணம் கட்டி அதே கஷ்டத்தை நான்கு நாள் தள்ளிப் போட்டிருப்பேன். அதற்கு அடுத்த பிளானில் 6,000 ஜிபி. அதைத்தான் எடுத்தோம்.

குறைந்தபட்ச வேகத்துக்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது என்று எழுதியிருந்தார். ஏன் என்பதைப் போனில் விளக்கியிருந்தார். ஜிபான் என்ற முறையில் அவர்கள் பக்கத்திலிருந்து வரும் ஒரு ஃபைபரை வழியில் 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிக்கிறார்கள். அந்த ஃபைபரின் மொத்தக் கொள்ளளவு சுமார் 2.5 ஜிபிபிஎஸ். 32 பேரும் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தால் ஆளுக்கு 78 எம்பிபிஎஸ்தான். அப்படி எல்லோரும் இழுப்பது அபூர்வம் என்பதால்தான் 200, 300 என்று விற்க முடிகிறது. பகிர்வே வேண்டாம் என்றால் லீஸ்டு லைன் வாங்க வேண்டும். அதன் மாத வாடகையைக் கேட்டதும் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

உத்தரவாதம் இல்லாததற்கு நாங்கள் செய்துகொண்ட வழி: ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் முதல் மாதத்துக்கு மட்டும் கட்டினோம். லேப்டாப்பை வை-ஃபையில் இல்லாமல், கம்பெனிப் பெட்டியில் நேராக கேபிள் செருகி, ஏழு நாள் இரவு பத்து மணிக்கு வேகத்தைப் பார்த்து நோட்டில் குறித்தோம். சோதிக்கிற அந்த இரண்டு நிமிடமும் விடுதி வை-ஃபையை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் நம் பெண்கள் பார்க்கும் வீடியோவும் கணக்கில் கழியும். குறைந்தது 162, அதிகம் 196. 135க்கு மேல் நின்றதால் திருப்தி.

வை-ஃபை பற்றி அவர் எழுதியது: அவர்கள் பெட்டி முப்பது, நாற்பது கருவிகள் வரைதான் நிம்மதியாகத் தாங்கும், பிரிட்ஜ் மோட் செய்து தருகிறோம். பிரிட்ஜ் மோட் என்றால் அவர்கள் பெட்டி லைனை மட்டும் கடத்திவிட்டு, மற்ற வேலையை நம் ரௌட்டரிடம் விட்டுவிடும். ஆகவே சொந்த ரௌட்டர் ஒன்று, வை-ஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயின்ட் மாடிக்கு இரண்டாக ஆறு, எல்லாவற்றுக்கும் கேபிள் இழுத்தோம். ஒன்றுக்கு 25 கருவி கணக்கு. கேபிள் இழுக்காமல் ரிப்பீட்டர் மாட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார், கேட்கவில்லை. கேபிள் இல்லாத ரிப்பீட்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் காற்று வழியாகவே செய்ய வேண்டும், வேகம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும்.

காகிதத்திலும் ஒரு அலைச்சல். ஜிஎஸ்டி சான்றிதழ் உரிமையாளர் பேரில், கலெக்டர் ஆபீசில் வாங்கிய விடுதி உரிமம் விடுதி பேரில். பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கொடுத்தபின் சரியானது. அதை முதலிலேயே கையில் வைத்திருங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

இந்த மாதம் 21ஆம் தேதி இரவு கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 3,490 ஜிபி ஓடியிருந்தது, வேகம் குறையவில்லை. அன்றைக்கு நேர்காணல் அறுந்துபோன அந்தப் பெண்ணுக்கு வேறொரு கம்பெனியில் நேர்காணல் வியாழக்கிழமை. அவள் இருக்கும் மூன்றாவது மாடிக் கோடி அறையில் மட்டும் சிக்னல் இன்னும் ஒரு கோடுதான் காட்டுகிறது. ஏழாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கேபிள் இழுக்க நாளைக்கு ஆள் வருகிறார், அதுவரை அவள் ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து பேசட்டும் என்று சாவியைக் கொடுத்திருக்கிறேன்.