யோவும் சும்னிதாவும்

நான் வேலை பார்க்கும் கொரிய அலுவலகத்துக்குப் புது தீம்ஜாங், அதாவது குழுத் தலைவர், வந்த மூன்றாம் நாள் மாலை, கக்காவோடாக் செயலியில் எனக்கு முதல் செய்தி அனுப்பினார். இன்னைக்கு ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க, அறிக்கையைக் காலையில சேர்ந்து பார்க்கலாங்க என்று பொருள். இரண்டு வாக்கியமும் 'யோ' என்ற கொரிய மரியாதை விகுதியில் முடிந்திருந்தன. நான் உடனே "நே, அல்கெஸ்ஸொயோ" என்று அனுப்பினேன். சரிங்க, புரிஞ்சுதுங்க.

பத்து நிமிடம் கழித்து அடுத்தது வந்தது. அதன் முடிவு: "பொனே ஜுஷிகி பராம்னிதா." அறிக்கையை 9 மணிக்குள் அனுப்பவும்.

இந்த 'ம்னிதா', சும்னிதா என்ற இன்னொரு மரியாதை விகுதியேதான். வினையடி மெய்யில் முடிந்தால் சும்னிதா, உயிரில் முடிந்தால் ம்னிதா. மரியாதையில் ஒரு குறையும் இல்லை, யோவைவிட ஒரு படி மேல். ஆனால் தமிழில் 'அனுப்புங்க' என்பதற்கும் 'அனுப்பவும்' என்பதற்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம். முதல் செய்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அடுத்ததில் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். யோவை முதலில் கேட்டபோதே அது நம்ம 'ங்க' என்று முடிவு கட்டிவிட்டேன். எதோடும் ஒட்டும், எவரிடமும் சொல்லலாம். எங்கள் ஊரில் 'சரிங்க'வுக்கு மேல் பேச்சில் ஒரு படி கிடையாது. கொரிய மொழியில் உண்டு. மேலதிகாரி சொன்னதை ஏற்கும்போது "அல்கெஸ்ஸும்னிதா" என்பதுதான் அலுவலக வழக்கம். அங்கே "அல்கெஸ்ஸொயோ" என்றால் சிலர் காதுக்கு 'சரி சரி, தெரியும்' என்பதுபோல் விழும். இதை ஒரு சீனியர் மறுநாள்தான் சொன்னார்.

ஆனால் தீம்ஜாங்கே யோவில் எழுதினாரே? அவர் எழுதலாம். யோ மேலிருந்து வந்தால் கனிவு, கீழிருந்து போனால் உரிமை எடுத்துக்கொள்வது. இது நியாயமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

தீம்ஜாங் விலகிப்போனார் என்பதை இன்னொரு சக ஊழியர் ஒத்துக்கொள்ளவில்லை. கெடு, நேரம் என்று வந்தாலே கை தானாகச் சும்னிதாவுக்குப் போகும், அதில் கோபம் எதுவும் இல்லை என்றார். அவர் ராணுவத்தில் இருந்த காலத்தில் வாக்கியம் 'தா'விலோ 'கா'விலோதான் முடியவேண்டுமாம். 2016இல்தான் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். சும்னிதா அவருக்கு ஒரு சீருடை மாதிரி. அவர் சொன்னதை நம்பத்தான் ஆசை. அப்படியென்றால் சேர்ந்து பார்க்கலாம் என்றவர் ஏன் அனுப்பவும் என்றார்?

அன்றிலிருந்து நான் தீம்ஜாங்குக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியும் சும்னிதாதான். முதல் இரண்டு வாரம் அவரிடமிருந்து இடையிடையே யோ வந்தது. அப்புறம் குறைந்தது. இப்போது இல்லை. அன்று அவர் விலகியது என் யோவாலா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், இப்போது பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்க்கிறேன். அவருடைய கடைசி யோவுக்குக் கீழே என்னுடைய சும்னிதாக்கள் வரிசையாக நிற்கின்றன.