இமையில் ஊதா நிறம், தொடையில் பலமின்மை: டெர்மட்டோமயோசைடிஸை உறுதிசெய்த வழி

டெர்மட்டோமயோசைடிஸ் அரிய நோய். உடலின் எதிர்ப்பாற்றலே தோலையும் தசையையும் தாக்குவதால் வருவது. வாதநோய்ப் பிரிவுக்கு வந்துசேருவதற்குள் இந்த நோயாளிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மருத்துவர்களைப் பார்த்திருப்பார்கள். இமைக்கு ஒருவர், அசதிக்கு ஒருவர், கல்லீரலுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் பார்த்தது சரிதான், ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அப்படி வந்த ஒருவருக்கு எந்த வரிசையில், ஏன் சோதனைகள் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறோம். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஒரே மாதிரியான சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறோம்.

வயது 52, எடை 58 கிலோ, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். முதலில் இரண்டு மேலிமைகளும் லேசாக வீங்கிக் கறுத்தன. தலைச்சாய ஒவ்வாமை என்று களிம்பு கொடுக்கப்பட்டது. சாய ஒவ்வாமையிலும் இமை வீங்கும், அரிக்கும். அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் அதில் பெரும்பாலும் காதோரமும் நெற்றி மயிரோரமும் சேர்ந்து பாதிக்கப்படும், சாயத்தை நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கிவிடும். இவருக்கு அடங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் போனது. மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை, பஸ் படியில் கால் வைக்கக் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

“வலிக்குதாம்மா?” என்று கேட்டதற்கு, “வலி பெருசா இல்ல டாக்டர், எந்திரிக்கத்தான் முடியல” என்றார். இந்தப் பதில் முக்கியமானது. சிக்குன்குனியாவுக்குப் பிறகு வரும் முடக்கத்தில் மூட்டு வலிக்கும், வலியால்தான் அசைய முடியாது. இங்கே வலி குறைவு, பலம்தான் இல்லை. அதுவும் விரல்களில் இல்லை. இடுப்பு, தொடை, தோள் ஆகிய உடலை ஒட்டிய பெரிய தசைகளில், இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

இந்த நோயின் அடையாளமான இமையின் ஊதா நிறம் வெளுத்த தோலில்தான் பளிச்சென்று தெரியும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது பழுப்பாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோதான் இருக்கும். தூக்கமின்மையால் வந்த கருவளையம் என்று எளிதில் கடந்துவிடலாம். கருவளையம் பெரும்பாலும் கீழிமையில் இருக்கும். இது மேலிமையில், சிறு வீக்கத்தோடு இருக்கும். மை, பவுடர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணை மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் தவறிவிடும்.

இமையைப் பார்த்ததும் கையைப் பார்க்கிறோம். விரல் முட்டிகளின் மேல் தடித்த, செதில் விட்ட படைகள் இருந்தன. முட்டிகளுக்கு இடையிலான தோல் சுத்தமாக இருந்தது. எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸில் இது தலைகீழாக இருக்கும்: முட்டியை விட்டுவிட்டு இடைப்பகுதி சிவக்கும். நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு டெர்மட்டோஸ்கோப்பில் பார்த்தபோது, நுண்குழாய்கள் சில இடங்களில் புடைத்தும் சில இடங்களில் அழிந்தும் காணப்பட்டன. எந்தத் தோல் ஒவ்வாமையும் இப்படிச் செய்யாது.

இனி அவர் கையிலிருந்த பழைய ரிப்போர்ட். எஸ்.ஜி.ஓ.டி. 210, எஸ்.ஜி.பி.டி. 165. ஈரல் வீக்கம் என்று சொல்லப்பட்டு, ஒரு மாதமாகக் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தார். இந்த நோயில் நாங்கள் அதிகம் பார்க்கும் திசைதிருப்பம் இதுதான். அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். கல்லீரலா தசையா என்று பிரித்துக் காட்டுவது ஜி.ஜி.டி.; அது தசையிலிருந்து வராது. இவருக்கு அது 28, பிலிருபின் 0.6, இரண்டும் சரி. தசை நொதியான சி.பி.கே. 4,800. பெண்களுக்கு வழக்கமான மேல்வரம்பு 200-க்குள் இருக்கும்.

சி.பி.கே. எடுப்பதில் சில கவனங்கள் உண்டு. இடுப்பில் போட்ட ஊசி, முந்தைய நாளின் கடும் உழைப்பு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, தைராய்டு குறைபாடு எல்லாமே அதை ஏற்றும். அதனால் ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்டுவிட்டு, டி.எஸ்.எச்.சும் சேர்த்துப் பார்க்கிறோம். ஆனால் ஓர் ஊசியால் 4,800 வராது.

அன்றே, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் சோதித்தவை மூன்று. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி நிறுத்தச் சொன்னோம்; சில நொடிகள்கூட முடியவில்லை. கழுத்தின் முன்பக்கத் தசை பலமிழந்தால் தொண்டையும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்து விழுங்குதல். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறதா, சாப்பிடும்போது புரையேறுகிறதா, குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறியிருக்கிறதா என்று கேட்டோம். ரசம் இரண்டு முறை மூக்கில் ஏறியிருந்தது. அதை யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. மூன்றாவது, நடக்கவைத்து ஆக்சிஜன் அளவு பார்த்தது. 97-லிருந்து 96, பெரிதாக இறங்கவில்லை. விழுங்குவதில் சிக்கல் இருந்ததாலேயே அன்று வார்டில் சேர்த்தோம். உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாதான் இந்த நோயாளிகளைச் சட்டென்று பறிக்கும் காரணங்களில் ஒன்று. விழுங்குதலைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் பார்க்கும் வரை தண்ணீரும் ரசமும் நிறுத்தி, கெட்டியாகக் குழைத்த உணவை நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்தோம்.

ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்தாக வேண்டும். தசைநோய்க்கான எதிர்ப்பொருள் தொகுப்பு, ஏ.என்.ஏ., சர்க்கரை, ஹெபடைட்டிஸ் பி, காசநோய்க்கான சோதனை எல்லாம் ஒரே நேரத்தில். எதிர்ப்பொருள்கள் நிறைந்த இம்யூனோகுளோபுலின் ஏற்ற வாய்ப்பிருந்தால் இது இன்னும் கட்டாயம். அது பலருடைய ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால், பிறருடைய எதிர்ப்பொருள்கள் நோயாளியின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்து குழப்பும்.

வெளியில் ஏற்கெனவே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டு அனுப்பப்படுகிறவர்களிடம்தான் சிரமம். தோல் படை மங்கியிருக்கும், சி.பி.கே. இறங்கியிருக்கும், பலமின்மை மட்டும் அப்படியே இருக்கும். என்ன நோய் என்று சொல்ல முடியாத நிலையில், மருந்தையும் நிறுத்த முடியாமல் மாட்டிக்கொள்வோம்.

இவருக்குத் தசைத் துணுக்கு எடுக்கவில்லை. 2017-இல் வந்த சர்வதேச வகைப்பாட்டின்படி, இமையிலும் விரல் முட்டியிலும் இவ்வளவு தெளிவான படைகள் இருந்தால் தசைத் துணுக்கு இல்லாமலே முடிவுக்கு வரலாம். தொடை எம்.ஆர்.ஐ.யில் தசைக்குள் நீர்கோத்த வீக்கம் தெரிந்தது, போதும். தோல் அறிகுறி தெளிவில்லாதவர்களுக்குத் துணுக்கு தேவைப்படும். அப்போது, தசையின் மின்னோட்டத்தை அளக்கும் ஈ.எம்.ஜி. ஊசியை ஒரு பக்கத் தசையில் மட்டும் குத்தி, மறுபக்கத்தைத் துணுக்குக்கு விட்டுவைக்க வேண்டும். குத்திய தசையில் ஊசியின் காயமே அழற்சிபோலத் தெரியும்.

சி.பி.கே. சரியாக இருந்தால் நிம்மதி என்று நினைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எம்.டி.ஏ.5 என்ற எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு இமையிலும் முட்டியிலும் படை இருக்கும், உள்ளங்கையில் வலிக்கும் சிறு தடிப்புகள் வரும், விரல் முட்டித் தோல் புண்ணாகும். தசை கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கும். சி.பி.கே. 80, 100 என்று இருக்கும். ஆனால் நுரையீரல் சில வாரங்களுக்குள் இறுகிவிடக்கூடும். படை மட்டும்தானே என்று மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், அதற்குள் மூச்சுக்கருவி தேவைப்படும் நிலை வந்திருக்கலாம். அதனால் தசை எப்படி இருந்தாலும், இந்தப் படை உள்ள எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே நெஞ்சின் நுண்ணிய சி.டி. ஸ்கேனான எச்.ஆர்.சி.டி.யும் மூச்சுத்திறன் சோதனையும் செய்கிறோம். சாதாரண எக்ஸ்ரே ஆரம்பநிலையைக் காட்டாது. எம்.டி.ஏ.5 இருந்தால் ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கிறோம். அது ஏறிக்கொண்டே போனால் நல்லதல்ல.

நம்மவருக்கு நுரையீரல் தெளிவாக இருந்தது. எதிர்ப்பொருள் ரிப்போர்ட் வரக் காத்திராமல் பிரெட்னிசோலோன் தொடங்கினோம், கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் தினமும் 60. விழுங்குவதில் சிக்கல் இருந்ததால் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினோம். அதன் அளவு கிலோவுக்கு 2 கிராம். இவருக்கு 116 கிராம், ஐந்து நாட்களாகப் பிரித்து. விலை மிக அதிகம், ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

ரிப்போர்ட்டில் டிஃப்1 காமா பாசிட்டிவ். பெரியவர்களுக்கு இந்த எதிர்ப்பொருள் வந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, டெர்மட்டோமயோசைடிஸ் என்பதையும், 40 வயதுக்கு மேல் தொடங்கியதையும், டிஃப்1 காமாவையும், விழுங்கும் சிரமத்தையும் தனித்தனி அபாயக் காரணிகளாக எண்ணுகிறது. இரண்டு இருந்தாலே உயர் அபாயம். இவருக்கு நான்கும் இருந்தன. நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன், மேமோகிராம், பாப் ஸ்மியர், பெண்ணுறுப்பு வழி அல்ட்ராசவுண்ட், சூற்பைப் புற்றுக்கான ரத்தச் சோதனையான சி.ஏ.125, மலத்தில் மறைந்த ரத்தம் ஆகியவற்றைப் பார்த்தோம். இடது சூற்பையில் கட்டி இருந்தது. அவருக்கு அதனால் வயிற்று உப்பசமோ வலியோ எதுவும் இல்லை.

புற்றுநோய் இருக்கும்போது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைச் சேர்ப்பதைப் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய முடியும். அதைத் தள்ளிவைத்தோம். அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் பிறகு இமை தெளிந்தது. கட்டி குறைந்தால் தோலும் தசையும் சேர்ந்து தேறுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறோம். படை திரும்பி வந்தால் கட்டியையும் மறுபடி தேடுகிறோம்.

முதல் தேடலில் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் அத்தோடு விடுவதில்லை. அபாயம் முதல் வருடத்தில் மிக அதிகம், மூன்று வருடங்கள் வரையாவது நீடிக்கிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை அடிப்படைச் சோதனைகளைத் திரும்பச் செய்கிறோம்.

மூன்றாவது மாதத்தில் அவர் மறுபடி எழ முடியவில்லை என்றார். சி.பி.கே. 90. நோய் திரும்பிவிட்டதா, ஸ்டீராய்டே தசையைக் கரைக்கிறதா? இரண்டிலும் தொடைதான் முதலில் தளரும். எம்.ஆர்.ஐ.யில் வீக்கம் இல்லை, தசை மெலிந்து மட்டும் இருந்தது. விழுங்குதல் நன்றாக இருந்தது, கழுத்தும் நின்றது. ஸ்டீராய்டுதான் காரணம் என்று முடிவுசெய்து, அதன் அளவை ஏற்றாமல், அப்போதிருந்த 20 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக இறக்கினோம்.