ஜீவனி கரைக்கும்போது தண்ணீர் அளவு ஏன் பிசகக்கூடாது

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றதும் பாமசிக்கு ஓடி ஜீவனி வாங்கி வருவதில் யாரும் பிழை விடுவதில்லை. பிழை கரைக்கும்போதுதான் வருகிறது. பக்கற்றில் ஒரு லீற்றர் என்றிருக்கும், கையில் இருப்பதோ அரை லீற்றர்ப் போத்தல். "கொஞ்சம் கடுமையாய் இருந்தால் கெதியாய்ச் சுகம் வரும்" என்று அதற்குள்ளேயே முழுப் பக்கற்றையும் கொட்டிவிடுகிறோம். பிறகு, குடுக்கக் குடுக்கப் போக்கு கூடுகிறதே என்று மருந்தைக் குறை சொல்கிறோம்.

ஒரு லீற்றர்ப் பக்கற்றில் சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட் 1.5 கிராம், சிற்றேற் உப்பு 2.9 கிராம். சரியாகக் கரைத்தால் லீற்றருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோசும் 75. இந்தச் சமன் தற்செயலானதல்ல. சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே எடுக்கும் ஒரு புரத வாசல் இருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. வயிற்றோட்டத்தில் மற்ற வழிகள் குழம்பினாலும் இந்த வாசல் பெரும்பாலும் தப்பிவிடும். உப்பும் சீனியும் உள்ளே போக, தண்ணீர் பின்னாலே போகிறது. வெறும் தண்ணீரால் முடியாததை இந்தக் கரைசல் செய்வது அதனால்தான்.

ஆனால் விகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. கரைந்திருக்கும் துகள்களின் மொத்தத்தையும் பார்க்கவேண்டும். சோடியம் 75, குளோரைட் 65, குளுக்கோஸ் 75, பொற்றாசியம் 20, சிற்றேற் 10: கூட்டினால் 245. நம் இரத்தத்தில் இது ஏறக்குறைய 290. கரைசல் இரத்தத்தைவிடச் சற்று ஐதாக இருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் இலகுவாக இறங்குகிறது. பழைய கரைசலில் இந்த மொத்தம் 311 ஆக இருந்தது. குறைத்துப் பார்த்தபோது பிள்ளைகளுக்குப் போக்கும் சத்தியும் குறைந்தன, சேலைன் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தது. அதனால்தான் 2002இல் உலக சுகாதார நிறுவனம் 245க்கு மாறியது.

இப்போது அந்த அரை லீற்றர்ப் போத்தலுக்கு வருவோம். அதில் விகிதம் கொஞ்சமும் மாறவில்லை, ஆனால் மொத்தம் 490 ஆகிவிட்டது. அரிந்த பாகற்காயில் உப்புப் பிசறினால் தண்ணீர் விடுவதுபோல, குடல் சுவர் உடம்பின் தண்ணீரைக் குடலுக்குள் விட்டுவிடும். சோடியமும் 150க்குப் போய்விடும். பிள்ளை அடங்காத தாகத்தோடு சிணுங்கிக்கொண்டிருந்தால், தண்ணிப்போக்கும் கூடினால், முதலில் கரைத்த அளவைத்தான் சந்தேகிக்கவேண்டும். கரைசல் கண்ணீரைவிட உவர்ப்பாக இருக்கக்கூடாது. மிச்சத்தைத் திருத்தப் பார்க்காமல், ஊற்றிவிட்டுப் புதுப் பக்கற் உடைப்பதே நல்லது. ஒரு லீற்றருக்குள் "ருசிக்கு" இரண்டு கரண்டி சீனி போடுவதும் இதே வினைதான், அதில் விகிதமும் சேர்ந்து கெடும். சோடா, நெக்ரோ வகையறாவில் சீனி மிதமிஞ்சி, சோடியம் சொற்பம். இளநீரில் பொற்றாசியம் தாராளம், சோடியம் போதாது.

நம்மூருக்கென்று இன்னொரு சிக்கல் உவர்க் கிணறு. லீற்றருக்கு ஒரு கிராம் உப்புள்ள தண்ணீரில் கரைத்தால் சோடியம் 75இலிருந்து 92க்கு ஏறும். கொதிக்கவைத்தால் கிருமி போகும், உப்புப் போகாது. நல்ல தண்ணீர்க் கிணறோ, வாங்கிய போத்தல் தண்ணீரோ எடுங்கள். கொதிக்கவைத்து ஆறிய பிறகே அளவுச்சாடியில் ஒரு லீற்றர் அளந்து பக்கற் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். முதலிலேயே அளந்துவிட்டுக் கொதிக்கவைத்தால் ஆவியாகி அளவு குறையும். கரைத்ததைத் திரும்பக் கொதிக்கவைக்கவேண்டாம். பக்கற்றைப் பாதியாகப் பிரிப்பதும் வேண்டாம், தூள் சமமாகப் பிரியாது. மூடி வையுங்கள், 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

பக்கற் கிடைக்காத இரவில், ஒரு லீற்றருக்கு வழித்த தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. குவியல் கரண்டி கணக்கில்லை. இதில் பொற்றாசியம் கிடையாது, விடியும்வரைக்கு மட்டும் போதும்.

குடுக்கும் வேகமும் முக்கியம். நீரிழப்புத் தெரியும் 10 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் கணக்கில் 750 மில்லிலீற்றர், நான்கு மணி நேரத்தில். மணிக்கு 190 அளவில் வரும், கரண்டி கரண்டியாகத்தான் போகவேண்டும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். பிள்ளை சோர்ந்து, குடிக்கமாட்டாமல் கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்ததெல்லாம் சத்தியாகப் போனாலோ கரைத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.