வரப்பைத் தாண்டாமல் கால் வைப்பது

கோபிக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளியில்தான் நான் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் வருஷமே பதினோராம் வகுப்பு. எல்லை என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது கரும்பலகையில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நடத்தும் விதத்தையே மாற்றிக்கொண்டேன்.

அன்று எடுத்த கணக்கு இது:

f(x) = (x + 1) / ((x − 2)(x − 3))

பகுதி x = 2-லும் x = 3-லும் பூஜ்ஜியமாகிறது. அந்த இரண்டு இடத்திலும் தொகுதி பூஜ்ஜியமில்லை. முதலாவதில் 3, இரண்டாவதில் 4. ஆகவே இரண்டு இடத்திலும் செங்குத்துத் தொலைத்தொடுகோடு உண்டு. இதுவரைக்கும் யாருக்கும் சிக்கல் வராது. வளைவரை அந்தக் கோட்டை ஒட்டி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அன்று நானும் தடுமாறினேன்.

2-க்கு இடப்பக்கம் பார்க்க x = 0 போட்டேன். 1/6 வந்தது, மிகை. வலப்பக்கம் பார்க்க x = 4 போட்டேன். 5/2, அதுவும் மிகை. இரண்டு பக்கமும் +∞ என்று எழுதி, கோட்டின் இருபுறமும் மேலே போகும்படி வரைந்தேன். அடுத்து 3-க்கு இடப்பக்கம் பார்க்க x = 2.5 போட்டேன். 3.5-ஐ 0.5 × (−0.5) ஆல் வகுத்தால் −14. அங்கே −∞ என்று எழுதிவிட்டு 2-க்கும் 3-க்கும் நடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சத்தி ரோட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேச மாட்டாள்.

"ஏனுங் சார், நடுவுல அந்தக் கோடு x அச்சை வெட்டுதுங்களே, எந்த எடத்துலீங்க வெட்டும்?"

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். வெட்ட வேண்டுமானால் சார்பின் மதிப்பு அங்கே பூஜ்ஜியமாக வேண்டும். பின்னம் பூஜ்ஜியமாவது தொகுதி பூஜ்ஜியமாகும்போது மட்டும்தான். தொகுதி x + 1. அது −1-ல் பூஜ்ஜியமாகும், வேறெங்கும் ஆகாது. 2-க்கும் 3-க்கும் நடுவே வெட்டுவதற்கு இடமே இல்லை. நான் வரைந்த படம் நடக்கவே முடியாத ஒன்று.

"நீ சொல்றதுதான் சரி கண்ணு, நான் தப்பாப் போட்டிருக்கேன்" என்று சொல்லிப் பாதிப் பலகையை அழித்தேன். தப்பு எங்கே என்று தேட ஐந்து நிமிஷம் ஆனது. 2-க்கு வலப்பக்கம் என்று நினைத்து நான் 4-ஐ எடுத்திருந்தேன். நடுவில் 3 இருக்கிறது. 3-ஐத் தாண்டியதும் (x − 3) குறி மாறிவிடும். நான் பார்த்தது 2-ஐ ஒட்டிய இடமே இல்லை, அதற்கு அடுத்த துண்டு.

அன்று சாயங்காலம் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதை எப்படிச் சொல்வது என்று பிடிபட்டது. தொகுதியோ பகுதியோ பூஜ்ஜியமாகும் எண்கள் எல்லாம் வரப்பு. இந்தக் கணக்கில் −1, 2, 3 என்று மூன்று வரப்பு, நான்கு வயல். ஒரு வயலுக்குள் எங்கே கால் வைத்தாலும் குறி ஒன்றுதான். வரப்பில்தான் அது மாற முடியும். 2 என்ற வரப்புக்கு வலப்புற மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் 3 என்ற வரப்பைத் தாண்டாமல் கால் வைக்க வேண்டும். 2.5 போதும், 2.1 இன்னும் நல்லது. 4-ல் கால் வைப்பது அடுத்தவர் வயல் மண்ணை அள்ளி வந்து நம்முடையது என்று சொல்வதுபோல. மறுநாள் வகுப்பில் இதைத்தான் சொன்னேன். வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிப்பேர், உடனே புரிந்துகொண்டார்கள்.

இடப்பக்கம் 0 போட்டது மட்டும் தப்பாகவில்லை. −1-க்கும் 2-க்கும் நடுவே இருப்பதால் அது சரியான வயல்தான். அது தற்செயலாகச் சரியாக அமைந்ததுதான் ஆபத்து. ஒரு பக்கம் விடை சரியாக வந்தால் முறையே சரி என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

எண் எதையும் போட்டுப் பார்க்காமலேயே குறியைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இப்போது முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். x, 2-ஐ நெருங்கும்போது பூஜ்ஜியத்தை நோக்கிப் போவது (x − 2) என்ற ஒரே காரணி. மற்றவை எல்லாம் 2-ல் எடுக்கும் மதிப்புக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. x + 1 என்பது 3, x − 3 என்பது −1. நிற்பவற்றின் குறியை முதலில் எழுதிவிட வேண்டும்: 3-ஐ −1 ஆல் வகுத்தால் குறை. பிறகு ஆடும் காரணியைப் பார்க்கலாம். இடப்பக்கம் x சிறியது, அதனால் (x − 2) குறை. குறையைக் குறையால் வகுத்தால் மிகை, ஆகவே +∞. வலப்பக்கம் (x − 2) மிகை, ஆகவே −∞. இடது, வலது என்ற பேச்சு அந்த ஒரு காரணிக்கு மட்டும்தான்.

சந்தேகப்படும் பிள்ளைகளைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். x = 1.9 என்றால் சுமார் 26.4, 1.99 என்றால் சுமார் 296. அந்தப் பக்கம் 2.1 என்றால் சுமார் −34.4, 2.01 என்றால் சுமார் −304. தூரம் பத்தில் ஒரு பங்கு ஆகும்போது மதிப்பு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஒற்றைக் காரணி பூஜ்ஜியமாகும்போது இப்படித்தான் இருக்கும்.

"இடப்பக்கம் −∞, வலப்பக்கம் +∞" என்று மனப்பாடம் செய்து வருகிறவர்கள் எல்லா வருஷமும் உண்டு. 1/x-ஐ முதலில் பார்த்ததன் பாதிப்பு அது. மேலே சொன்ன கணக்கில் 2-ல் அது நேர்மாறாக நடக்கிறது, 3-ல் மனப்பாடம் பலிக்கிறது. இரண்டும் ஒரே சார்புக்குள் இருப்பதால்தான் இந்தக் கணக்கை நான் விடாமல் வைத்திருக்கிறேன்.

குறியீட்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2⁻ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு −2-ஐப் பிரதியிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விடைத்தாளில் f(−2) = −1/20 என்று சுத்தமாகப் போட்டிருப்பார்கள். கணக்கில் பிழையில்லை, கேள்விதான் வேறு. இப்போதெல்லாம் x → 2⁻ என்று எழுதியதும் அதன் கீழேயே 1.99 என்று சின்னதாக எழுதி வைக்கச் சொல்கிறேன். x → −2⁻ என்று வந்தால் கீழே −2.01 வர வேண்டும். எதிர்ம எண்ணில் இடது எது என்பதில் தடுமாறி நன்றாகப் படிக்கிறவர்களுமே −1.99 என்று எழுதிவிடுவார்கள்.

வர்க்கம் வந்தால் இரண்டு பக்கமும் +∞ என்பது அடுத்த மனப்பாடம். அதற்காகவே பகுதியில் (x − 2)-ஐ மட்டும் வர்க்கமாக்கி எழுதுவேன்:

g(x) = (x + 1) / ((x − 2)²(x − 3))

இப்போது ஆடும் காரணி இரண்டு பக்கமும் மிகை. நிற்பவை 3-ம் −1-ம், அவற்றின் குறி குறை. ஆகவே இரண்டு பக்கமும் −∞. இருபுறமும் ஒரே திசையில் போகும் என்பதை மட்டும்தான் வர்க்கம் சொல்லும். அது எந்தத் திசை என்பதை நிற்கும் காரணிகள்தான் சொல்லும்.

தொகுதியிலும் (x − 2) இருந்தால் கதை வேறு. (x² − x − 2) / (x² − 5x + 6) என்ற கணக்கைக் கொடுத்தால் பகுதியின் பூஜ்ஜியத்தை மட்டும் பார்த்து 2-ல் கோடு போட்டுவிடுவார்கள். காரணிப்படுத்தினால் மேலும் கீழும் (x − 2) அடிபட்டு (x + 1)/(x − 3) மிஞ்சும். x, 2-ஐ நெருங்கும்போது மதிப்பு −3-ஐ நெருங்கும். அங்கே இருப்பது ஓர் ஓட்டை, தொலைத்தொடுகோடு இல்லை. காரணிப்படுத்தாமல் குறி பார்க்க ஆரம்பிக்கக் கூடாது என்று நான் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

tan 90° எவ்வளவு என்று பத்தாம் வகுப்பிலிருந்து வரும் பிள்ளைகளைக் கேட்டால் பாதிப்பேர் முடிவிலி என்பார்கள். எந்த முடிவிலி என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். tan 89° சுமார் 57.29, tan 91° சுமார் −57.29. sin, 90°-ல் 1 என்று நிற்கிறது. ஆடுவது cos, அது 90°-க்கு முன்னால் மிகை, பின்னால் குறை. இங்கே பகுதி இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்ஜியத்தைக் கடக்கிறது, அதனால் இடப்பக்கம் +∞. கோணம் எந்தப் பக்கம் என்பதோடு நிற்காமல் பகுதி எந்தப் பக்கமிருந்து பூஜ்ஜியத்துக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தக் கணக்கும் காட்டியதில்லை. இருபக்கமும் ஒத்துப்போகாததால் 90°-ல் எல்லை இல்லை என்று எழுத வேண்டும். தொலைத்தொடுகோடு மட்டும் இருக்கவே இருக்கிறது. ஒரு பக்கம் முடிவிலிக்குப் போனாலே அதற்குப் போதும்.

போன வருஷம் ஒரு பையன் வரைபடச் செயலியில் அந்தப் பழைய f(x)-ஐப் போட்டுக்கொண்டு வந்தான். முகத்தில் குழப்பம்.

"சார், 2-க்கும் 3-க்கும் நடுவுல ஒண்ணுமே இல்லீங்க. நீங்க ரெண்டு பக்கமும் கீழ போகுதுன்னீங்க, இங்க கோடே காணோமுங்க."

செல்போனை வாங்கிப் பார்த்தேன். y அச்சை −10 முதல் 10 வரை வைத்திருந்தான். இரண்டு வெளிப்பக்கங்களும் தெரிந்தன, நடு வயல் காலியாகக் கிடந்தது.

"குறி என்ன வந்துச்சு உனக்கு?"

"நடுவுல பூராம் குறைங்க. 2.5-ல −14 வருதுங்க."

"அப்பறம் −10-க்கு மேல தேடுனா எங்கிருந்து வரும்? அச்சைக் கீழ எறக்கு."

−60 வரைக்கும் இறக்கினான். கீழிருந்து ஏறி வந்து, வளைந்து, மறுபடியும் கீழேயே இறங்கும் ஒரு குறுகிய வில் தெரிந்தது. அதன் உச்சியில் விரலை வைத்தான். x சுமார் 2.46, y சுமார் −13.93. அந்த வில் x அச்சைத் தொடவில்லை. முதல் வருஷம் அந்தப் பெண் கேட்டதை அவனிடம் சொன்னேன். அவன் செல்போனை டெஸ்க்கில் வைத்துவிட்டு நோட்டில் −1, 2, 3 என்று மூன்று கோடு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் குறியை எழுத ஆரம்பித்தான்.