மாமா கடைக் கணக்கும் ஆச்சியின் குரலும்

ஜூன் 9, 2025, திங்கள்

மாமா கடையின் பில் கோப்பு வந்துவிட்டது. போன ஆண்டு முழுவதும், ஒரு பில்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி. இந்த வாரம் முழுக்க நான் தரவு ஆய்வாளர். வகுப்பு இல்லை, காணொளிப் பாடம் இல்லை, காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து சாயங்காலம் வரை அந்த வேலை மட்டும். மாமா கேட்ட கேள்வி ஒன்றுதான்: “குற்றால சீசனுக்கு எந்தச் சரக்கை எவ்வளவு கூட வாங்கிப் போடணும்?”

தரவு வேலையா, படத்தின் கீழே ஓடும் வசன வரி எழுதும் வேலையா, எதைத் தேர்ந்தெடுப்பது என்று 30-ஆம் தேதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் செய்து பார்க்கிறேன். அக்கா ராத்திரி போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 10

`=MONTH(A2)` போட்டு மாதத்தைப் பிரித்தேன். பத்தில் ஆறு வரிக்கு `#VALUE!` என்று வந்தது. மீதி வரிகளை மட்டும் கூட்டி மாமாவிடம் காட்டினேன். ஜனவரி முதல் மே வரை கொஞ்சம் கூடுதல், பிறகு மெல்ல இறக்கம். ஜூலை, ஆகஸ்டில் ஒன்றுமே விசேஷம் இல்லை.

மாமா திரையைப் பார்த்துவிட்டு, “என்னட்டி இது? ஆடி மாசம் கடைல நிக்க இடம் இருக்காது. தை மாசத்துல அதவிட வித்திருக்குங்குது” என்றார்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் மாமா சொல்வதுதான் சரி. கடையில் நின்றவர் அவர்.

ஜூன் 11

கிடைத்துவிட்டது! முழுதாக எழுதி வைக்கிறேன்.

தேதி நெடுவரிசையை அகலமாக இழுத்துப் பார்த்தேன். சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்தில் இருந்தன, சில இடது ஓரத்தில். எக்செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டும், வெறும் எழுத்து இடப்பக்கம் ஒட்டும். தேதியும் உள்ளுக்குள் ஒரு எண்தான். அப்படியானால் இடப்பக்கம் இருப்பவை தேதியே இல்லை.

அவை எல்லாமே 13-க்கு மேற்பட்ட நாள்கள், 13-உம் சேர்த்து. கடை மென்பொருள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதியிருக்கிறது. மாமாவின் மடிக்கணினி அமெரிக்க அமைப்பில் இருப்பதால் மாதம், நாள், ஆண்டு என்று படிக்கிறது. `14/07/2024` என்றால் 14-ஆவது மாதம் கிடையாது, அதனால் தொடாமல் எழுத்தாக விட்டுவிட்டது. `05/07/2024` என்பதை மட்டும் சத்தமில்லாமல் மே 7 ஆக்கிவிட்டது. முப்பது நாளில் பன்னிரண்டு நாள் தலைகீழாக மாறிவிடும், பதினெட்டு நாள் பிழையாக நிற்கும். பத்தில் ஆறு என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

ஆக, நான் ஜனவரி என்று காட்டியது எல்லா மாதத்தின் 1-ஆம் தேதி. பிப்ரவரி எல்லா மாதத்தின் 2-ஆம் தேதி. மாதத் தொடக்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள் மளிகை வாங்குவார்கள், அதனால்தான் ஜனவரி முதல் மே வரை கூடுதலாகத் தெரிந்தது. சீசன் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பரவி மறைந்துபோனது.

பிழை என்று கத்திய வரிகள் ஆபத்து இல்லை. சரியான தேதி போலவே உட்கார்ந்திருந்தவைதான் ஆபத்து. இனி எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒவ்வொரு மாதத்திலும் 12-க்குப் பிறகு நாள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

மாறிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்தவில்லை. மூலக் கோப்பை மறுபடி உள்ளே கொண்டுவந்து, தேதி நெடுவரிசைக்கு `DMY` என்று தேர்ந்தெடுத்தேன். எல்லாம் வலப்பக்கம் போய் நின்றது. சாப்பிட மறந்துவிட்டேன், மூன்றரை ஆகிவிட்டது.

ஜூன் 12

சாரல். மின்சாரம் போய்ப் போய் வருகிறது. “நல்லெண்ணெய் 50”, “ந.எண்ணெய் 50மி”, “நல்லெண்ணை பாக்கெட்” மூன்றும் ஒரே சரக்கு. நாள் முழுக்க இதேதான்.

ஜூன் 13

இன்றும் அதேதான். அலுக்கவில்லை. அதைக் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.



ஜூன் 14

அருவிக்குப் போகிறவர்கள் கடையில் வாங்குவது சின்ன நல்லெண்ணெய் பாக்கெட், சீயக்காய், ஷாம்பு. அதனால் எண்ணெய் பாக்கெட்டை மட்டும் எடுத்துப் போன ஜூலையின் நான்கு ஞாயிறுகளைப் பார்த்தேன். 7-ஆம் தேதி 71. 14-ஆம் தேதி ஒன்றும் இல்லை. 21-ஆம் தேதியும் இல்லை. 28-ஆம் தேதி 65. சராசரி 34.

34 என்று எழுதிக்கொடுத்திருந்தால் மாமா 34 வாங்கிப் போட்டிருப்பார்.

ஆனால் 13-ஆம் தேதி சனிக்கிழமை பில்களில் கடைசி எண்ணெய் பாக்கெட் விற்ற நேரம் மாலை நாலேகால். அதற்குப் பிறகு சீயக்காய் விற்றிருக்கிறது, ஷாம்பு விற்றிருக்கிறது, எண்ணெய் மட்டும் இல்லை. மாமாவிடம் கேட்டேன். ஏஜென்சி வண்டி செவ்வாய்க்கிழமைதான் வருமாம். சரக்கு தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பூஜ்யத்துக்கு யாரும் கேட்கவில்லை என்று பொருள் இல்லை, கேட்டவர்களுக்குக் கொடுக்க இல்லை என்று பொருள். 20-ஆம் தேதியும் அதே கதை. சரக்கு இருந்த ஞாயிறுகளை மட்டும் எடுத்தால் 68, சரியாக இரண்டு மடங்கு.

அதுவும் முழு உண்மை இல்லை. இரண்டே ஞாயிறு வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேச முடியும்? பாதி நாளில் தீர்ந்துபோன நாள்களும் இருக்கும். பில் புத்தகத்தில் இருப்பது விற்பனை, தேவை அதில் கிடையாது. இருப்புக் கணக்கைப் பக்கத்தில் வைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று மாமாவிடம் எழுதியே கொடுத்தேன். வார இறுதிக்கு 70 இல்லை, சனி ஞாயிறு சேர்த்து 140 வைத்துப் பாருங்கள், என்றைக்கு எத்தனை மணிக்குத் தீருகிறது என்று மட்டும் குறித்து வையுங்கள் என்றேன். மாமா காலண்டரில் எழுதுகிறேன் என்றார்.

ஜூன் 15

ஓய்வு. அம்மாவுக்கு முழங்கால் வலி மறுபடி. அக்காவிடம் பேசினேன், அறை முன்பணத்தைப் பற்றித்தான் கேட்டாள்.

ஜூன் 16, திங்கள்

இந்த வாரம் வசன வரி. ஆச்சியைப் பேசவைத்து எடுத்த ஆறு நிமிடப் பதிவு. பெரியப்பாவுக்குக் காது கேட்பது நின்று ரொம்ப நாளாகிறது. தன் அம்மா பேசுவதை அவர் படிக்க வேண்டும்.

ஜூன் 17

எழுதுவது கால்வாசி வேலைதான், மீதி முழுக்க ஒவ்வொரு வரியும் எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று நேரம் பொருத்துவது. ஒரு வாக்கியத்தை இங்கே வைக்கிறேன், இரண்டு நாளாக இதோடுதான் இருக்கிறேன்:

```
12
00:01:07,200 --> 00:01:11,200
ஐப்பசி கார்த்திகைல சித்தாத்துல தண்ணி வந்துட்டா
அந்தப் பக்கம் போறதுக்கு வழியே கிடையாது பாத்துக்க
```

நான்கு நொடியில் ஆச்சி சொல்லி முடித்துவிடுகிறாள். பரவலாகப் பின்பற்றும் வழக்கம்: அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு வரிக்கு 42 எழுத்து, நொடிக்கு 17 முதல் 20 எழுத்து, ஏழு நொடிக்கு மேல் ஒரே வரி நிற்கக்கூடாது. எக்செல்லில் இந்த வாக்கியத்தை ஒட்டி `LEN` போட்டால் 95. நொடிக்கு 24 ஆகிறது, வெட்டியாக வேண்டும்.

கையால் எண்ணினேன், இடைவெளியும் சேர்த்து 59தான். கணினி ‘போ’ என்பதை ப ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று என்று இரண்டாக எண்ணுகிறது. ‘க்’ அதற்கு இரண்டு. கண்ணுக்கு ஒன்று. கையால் எண்ணிய கணக்கில் நொடிக்கு 15தான் வருகிறது, வெட்டவே வேண்டாம்.

எந்தக் கணக்கு சரி? ஆங்கிலத்துக்குப் போட்ட எண்ணை வைத்துக்கொண்டு நான் தனியாக முடிவு செய்ய முடியாது. படிக்கப்போகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 18

தூக்கம் வரவில்லை. 30-ஆம் தேதி மனதிலேயே நிற்கிறது.

ஜூன் 19

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் தொலைக்காட்சியில் வசன வரியைத் தனிக் கோப்பாகப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறியது. அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வரையத் தெரியவில்லை. கோப்பு `UTF-8`தான், அதைப் பார்த்துவிட்டேன். வரிகளைப் படத்தோடு பதித்து மறுபடி எடுத்துக்கொண்டு போனேன்.

12-ஆவது வரியில் நிறுத்தி, முழுதாகப் படித்தீர்களா என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். “பாத்துக்க”வைத் தொட்டு, “அம்மா இப்படித்தான் சொல்லும்” என்றார். நல்லவேளை அதை வெட்டவில்லை. 20-ஆவது வரியைப் படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அது கையால் எண்ணினாலும் நொடிக்கு 21. ஆக, கைக்கணக்குதான் அவரோடு ஒத்துப்போகிறது. ஒருவரை வைத்து விதி எழுதமாட்டேன், ஆனால் இந்தப் படத்துக்கு இது போதும்.

அப்புறம் மூன்றாவது நிமிடத்தில் கையைக் காட்டினார். “அம்மா ஏன் சிரிக்கா?”

பின்னால் குக்கர் விசில் அடித்தது, ஆச்சி திடுக்கிட்டுச் சிரித்தாள். எனக்குக் கேட்டது, அதனால் எழுதவே தோன்றவில்லை. படத்தில் அவள் திரும்பிப் பார்ப்பதும் சிரிப்பதும் மட்டும்தான் இருக்கிறது. பேச்சை மட்டும் எழுதினால் அவருக்கு அந்த இடம் அர்த்தமில்லாமல் போகிறது. எல்லாச் சத்தத்தையும் எழுதினாலும் படிக்கமுடியாது. முகம் மாறுவதற்குக் காரணமான சத்தம் மட்டும் வேண்டும்.

[குக்கர் விசில்]

இதைச் சேர்த்துப் போட்டதும் பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக் கணக்கில் இப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 20

ஆனால் இன்று வரிகளின் தொடக்கத்தைக் குரலோடு சேர்த்து நகர்த்தி நகர்த்தி, மதியத்துக்குள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். போன வாரம் எண்ணெய்ப் பெயர்களைச் சேர்த்தபோது அப்படி இல்லை. பெரியப்பா முகத்தை வைத்து முடிவெடுத்தால் வசன வரி. வேலையின் பெரும்பகுதி நேரத்தை வைத்து எடுத்தால் தரவு. தினமும் எனக்குக் கிடைக்கப்போவது முகம் இல்லை, அந்த நேரம்தான்.

ஜூன் 21

தரவுதான் என்று அக்காவிடம் சொன்னேன். “உறுதியா?” என்றாள். முன்பணம் கட்டச் சொன்னேன்.

ஜூன் 22

மாமா காலண்டரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை 140 பாக்கெட் வாங்கிப் போட்டிருக்கிறார். ஞாயிறு மதியம் 1.20-க்குத் தீர்ந்திருக்கிறது. 140-உம் குறைவு. இருப்புப் புத்தகத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.