16 வருடம், ஒரு பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனை தர மேம்பாட்டுக்கு ஆள் தேடுகிறது. நான் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் 16 வருடம் குவாலிட்டி பார்த்தவன். ராத்திரி கவர் லெட்டர் எழுதினேன். முதல் வரி: "மருத்துவமனை அனுபவம் இல்லாவிட்டாலும்..." அதற்குக் கீழே எய்ட் டி, பிபிஎம், யீல்டு என்று தொழிற்சாலைச் சொற்களின் பட்டியல்.

பெரியம்மா மகளான அக்கா வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டினேன். "பிபிஎம்னா என்ன தம்பி?" என்றார். பத்து லட்சத்தில் எத்தனை பழுது என்று விளக்கினேன். "அதனால வார்டுக்கு என்ன?" என்றார். பதில் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

விளம்பரத்தை மறுபடி படித்தேன். முதல் பொறுப்பே தவறுகள் நடந்தால் விசாரித்துக் காரணம் கண்டுபிடிப்பது. அப்படியானால் பட்டியல் வேண்டாம், ஒரு விசாரணையை முழுசாகச் சொல்லலாம்.

2019-இல் வாடிக்கையாளருக்கு லேபிள் மாறிய பெட்டிகள் போய்விட்டன. ஊழியரின் கவனக்குறைவு, மறுபயிற்சி கொடுத்தாச்சு என்று அறிக்கை எழுதினோம். மூன்றே வாரத்தில் அதே தவறு. பிறகு நான் இரண்டு இரவு ஷிப்ட் மாறும் நேரத்தில் லைனிலேயே நின்றேன். முன்கூட்டியே அச்சடித்த லேபிள்கள் மேசையில் கிடந்தன. பக்கத்தில் பாதி நிரம்பிய தட்டு. அடுத்த ஷிப்டில் வந்தவர் இரண்டும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவை என்று எண்ணி ஒட்டினார். பெட்டி மூடும்போதுதான் லேபிள் அச்சாக வேண்டும் என்று மாற்றினோம். அடுத்த ஒரு வருடம் அந்தப் புகார் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஒட்டுக்கடையில் அக்காவிடம் இதைச் சொன்னேன். தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டார். "ரத்தம் எடுக்கிற குழாய்க்கும் இதே விதிதான். முன்னாடியே லேபிள் ஒட்டி வைக்கக் கூடாது. எடுத்ததும் நோயாளி பக்கத்திலேயே, பேரைக் கேட்டு ஒட்டணும்."

உடனே "இரண்டும் ஒன்றே" என்று எழுதினேன். அக்கா அடித்துவிட்டார். "பெட்டி திரும்பி வரும். தப்பான ரத்தம் ஏத்தினா ஆள் திரும்பி வரமாட்டாரு. இந்த வரியைப் படிக்கிற நர்ஸ் மேல படிக்கமாட்டா."

சரிதான். தொழிற்சாலையில் சந்தேகம் வந்தால் லைனை நிறுத்துவேன், வார்டை நிறுத்த முடியாது. வேலை செய்த விதத்தைத்தான் கொண்டுபோகலாம், ஆபத்தின் அளவை அல்ல.

ஜூலை 14, திங்கள்

கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. அதில் ஒரு பத்தியைத் தமிழில் குறித்து வைக்கிறேன்:

"ஒரே தவறு இரண்டாம் முறை நடந்தபோது, ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு ஷிப்ட் மாறும் நேரத்தைக் கவனித்தேன். காரணம் அங்கே இருந்தது. மருத்துவச் சிகிச்சை பற்றி எனக்கு அனுபவம் இல்லை. அந்த இடங்களில் நர்ஸ்களையும் டாக்டர்களையும் கேட்டே விசாரிப்பேன்."

இந்தக் குறை முன்பு முதல் வரியில் இருந்தது. இப்போது விசாரணைக்குப் பின்னால் நிற்கிறது. பிபிஎம் எங்கேயும் இல்லை. காலை 9 மணிக்கு அனுப்பினேன்.